மருத்துவமனையா, ஆலோசகரா, வீடா? அனரெக்சியா வந்த பதின்ம வயதுப் பிள்ளைக்கான சிகிச்சைத் தேர்வு

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை பல மாதங்களாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, உடல் மெலிந்து, கடைசியில் ஒரு மருத்துவர் "இது அனரெக்சியா என்னும் உணவுக் கோளாறு" என்று சொன்ன பிறகு, பெற்றோர் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. மருத்துவமனையில் சேர்த்து உணவூட்டுவது ஒன்று. வாரம் ஒருமுறை உளவியல் ஆலோசகரையும் உணவியல் நிபுணரையும் பார்க்கவைத்து, சாப்பிடும் பொறுப்பைப் பிள்ளையிடமே விட்டுவைப்பது இன்னொன்று. மருத்துவக் குழு வழிகாட்ட, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் பெற்றோரே பொறுப்பேற்று வீட்டிலேயே பிள்ளையை மீட்பது மூன்றாவது. நம் குடும்பங்களில் முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது இரண்டாவது வழி. அதில் கெடுபிடி இல்லை, ஊருக்குத் தெரியாது, பள்ளியும் தடைப்படாது. ஆனால் பதின்ம வயதினருக்கு இருக்கும் சான்றுகளைப் பார்த்தால், தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கத் தகுதி மிகக் குறைந்தது அந்த வழிதான் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையே இங்கே எடுத்து வைக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு மாதிரி நிலைமையை வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி முகப்பருவுக்காக எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்துகிறாள். அடுத்து இனிப்பு போகிறது, பிறகு இரவுச் சோறு, பிறகு காலை இட்லியில் ஒன்று. வீட்டில் எல்லோரும் கட்டுப்பாடான பிள்ளை என்று பாராட்டுகிறார்கள். இரண்டு மாதத்தில் டிபன் பாக்ஸ் கழுவித் துடைத்த மாதிரி திரும்பி வருகிறது, ஆனால் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்ட தோழி யாருமில்லை. சமையல் காணொளிகளை மணிக்கணக்கில் பார்க்கிறாள், தம்பிக்குக் கேக் செய்து கொடுக்கிறாள், தான் ஒரு துண்டும் வாயில் வைப்பதில்லை. ஒரு தோசையை நகத்தளவு துண்டுகளாகப் பிய்த்து முக்கால் மணி நேரம் தின்கிறாள். செவ்வாய், வெள்ளி விரதங்கள் புதிதாகச் சேர்கின்றன. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, போர்வை. கைகளிலும் முதுகிலும் பூனைமுடி வளர்கிறது. நள்ளிரவில் அறைக்குள் குதித்து உடற்பயிற்சி செய்யும் சத்தம் கேட்கிறது. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. ஐந்து மாதத்தில் உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விட்டது.

இந்த மாணவி "நான் குண்டாக இருக்கிறேன்" என்று ஒருமுறைகூடச் சொல்லாமல் இருக்கலாம். வயிறு உப்புசமாக இருக்கிறது, பசிக்கவில்லை, சாப்பிட்டால் நெஞ்சு கரிக்கிறது என்றே சொல்வாள். பருமனைப் பற்றிய பயத்தைச் சொல்லாமலேயே பட்டினி கிடக்கும் நோயாளிகளை ஹாங்காங் மருத்துவர்கள் 1990-களில் விவரித்தார்கள். இந்திய மருத்துவர்களும் அத்தகைய நோயாளிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால்தான் நம்மூரில் இந்தப் பிள்ளைகள் முதலில் போய்ச் சேர்வது வயிற்று மருத்துவரிடம். எண்டோஸ்கோபி, ஸ்கேன், தைராய்டு என்று சோதனைகளிலேயே சில மாதங்கள் கரைகின்றன. அந்தச் சோதனைகளில் சில தேவையானவையே, ஏனென்றால் குடல் நோயும் காசநோயும் சர்க்கரை நோயும் எடையைக் குறைக்கும். ஆனால் எடை குறைகிறது என்று தெரிந்தும் உணவைக் கூட்ட மறுப்பது, கூட்டினால் பதற்றமோ கோபமோ கொள்வது என்ற இரண்டும் சேர்ந்து இருந்தால், சோதனை முடிவுகளுக்காகக் காத்திராமல் மனநலப் பக்கத்தையும் உடனே பார்க்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். அவர்களிடம் அது ஜிம், தசை, விளையாட்டு என்ற பெயர்களில் மறைந்திருப்பதால் இன்னும் தாமதமாகத் தெரிகிறது.

எந்தச் சிகிச்சை என்று யோசிப்பதற்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்வி, பிள்ளையின் இதயம் இன்று இரவு பாதுகாப்பாக இருக்கிறதா என்பது. பட்டினியில் உடல் தன் செலவைக் குறைக்கிறது. இதயத் தசையே மெலிகிறது, துடிப்பு மெதுவாகிறது, இரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் இறங்குகின்றன. படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 44 என்றிருக்கும் நாடித்துடிப்பு, எழுந்து நின்றதும் 90-ஐத் தொடுகிறது. கண் இருட்டுகிறது, மயக்கம் வருகிறது. மெதுவான நாடியைப் பார்த்து "விளையாட்டு வீராங்கனையின் இதயம்" என்று திருப்திப்படுவது ஆபத்தான தவறு. பயிற்சியால் வலுப்பெற்ற இதயத்துக்கு எடை இழப்பும் மாதவிலக்கு நிற்பதும் துணையாக வருவதில்லை. பெற்றோரை ஏமாற்றும் மற்றொன்று இரத்தப் பரிசோதனை. உணவைக் குறைக்க மட்டும் செய்யும் பிள்ளைக்கு, நோய் முற்றிய நிலையிலும், பொட்டாசியம், சோடியம், ஹீமோகுளோபின் எல்லாம் இயல்பான எல்லைக்குள்ளேயே வரக்கூடும். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்பதை ஆபத்தில்லை என்று படிக்கக் கூடாது. வாந்தி எடுக்கும் பிள்ளைக்கோ நிலைமை வேறு: எடை பார்வைக்குச் சரியாக இருக்கும்போதே பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடும் பழக்கம், வீங்கிய தாடை, விரல் முட்டியில் தழும்பு ஆகியவை அதன் அடையாளங்கள்.

ஆகவே முதல் மருத்துவச் சந்திப்பில் பெற்றோர் கேட்டுப் பெற வேண்டியவை எளியவை. ஐந்து நிமிடம் படுக்கவைத்த பிறகும், எழுந்து நின்ற பிறகும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். உடல் வெப்பம், இ.சி.ஜி., பாஸ்பேட்டையும் மக்னீசியத்தையும் உள்ளடக்கிய இரத்தப் பரிசோதனை ஆகியவையும் வேண்டும். நம் ஆய்வகங்களின் வழக்கமான தொகுப்பில் பாஸ்பேட் பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கேட்டால்தான் செய்வார்கள். பகலில் விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு 50-க்குக் கீழே இருந்தால் மருத்துவமனையில் சேர்க்கலாம் என்பது அமெரிக்கப் பதின்ம வயது மருத்துவர் சங்கத்தின் அளவுகோல். பிரிட்டனின் மனநல மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி, 40-க்குக் கீழே இருப்பதைச் சிவப்பு எச்சரிக்கையாகவும், 40-க்கும் 50-க்கும் இடையில் இருப்பதை மஞ்சள் எச்சரிக்கையாகவும் கொள்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதது பெற்றோருக்குக் குழப்பமாகத் தோன்றலாம். ஆனால் எந்த மருத்துவரும் ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பதில்லை. மயக்கம், எடை சரியும் வேகம், தண்ணீரைக்கூட மறுப்பது, இ.சி.ஜி. மாற்றம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் எவை எவை சேர்ந்திருக்கின்றன என்பதே கணக்கு.

நம் மாதிரி மாணவியின் நாடி 44, நிற்கும்போது இருமடங்காகிறது, குளியலறையில் ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறாள். அவளுக்கு முதல் தேர்வு மருத்துவமனைதான். அதில் விவாதிக்க இடமில்லை. விவாதிக்க வேண்டியது, எதற்காக, எத்தனை நாள் என்பது.

மருத்துவமனையைத் தவிர்க்க நினைக்கும் குடும்பங்கள் இந்த நேரத்தில் செய்யும் ஒரு காரியத்தை அழுத்தமாகக் குறிப்பிட விரும்புகிறேன். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் தெம்பு வந்துவிடும் என்று அழைத்துப் போகிறார்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென்று குளுக்கோஸ் சேரும்போது இன்சுலின் சுரக்கிறது. அது இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. இருப்பிலுள்ள கொஞ்சநஞ்ச தயமின் என்ற பி1 வைட்டமினும் செலவாகிறது. பாஸ்பேட் வெகுவாக இறங்கினால் இதயமும் சுவாசத் தசைகளும் செயலிழக்கும். மறுஉணவூட்டல் நோய்க்குறி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட பட்டினிக் கைதிகள் சிலர் உணவு கிடைத்த பிறகு இறந்தபோதுதான் இது தெளிவாகக் கவனிக்கப்பட்டது. ஆபத்து அதிகம் இருப்பது உணவைக் கூட்டத் தொடங்கும் முதல் வாரத்தில். சில நேரம் இரண்டாம் வாரம் வரையிலும் நீளும். எனவே கடுமையாக மெலிந்த பிள்ளைக்கு உணவைக் கூட்டும் முதல் நாட்கள், இரத்தத்தை அடிக்கடி பரிசோதித்து, தயமினும் பாஸ்பேட்டும் கொடுக்க வசதியுள்ள வார்டில் கழிய வேண்டும். இதைக் காரணமாக வைத்து உணவைப் பல நாள் மிகக் குறைவாகவே கொடுத்துக்கொண்டிருப்பதும் தவறு. எடை மேலும் சரியும். கண்காணிப்போடு உறுதியாகக் கூட்டிக்கொண்டு போவதே இன்றைய நடைமுறை.

அப்படியானால் எடை முழுவதும் திரும்பும்வரை மருத்துவமனையிலேயே வைத்திருப்பது நல்லதா? தர்க்கப்படி பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆஸ்திரேலியாவில் பதின்ம வயதினரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இதையே சோதித்தது. ஒரு பிரிவினரை உடல்நிலை சீரானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றொரு பிரிவினரை எடை ஏறத்தாழ மீளும்வரை வைத்திருந்தார்கள். பிறகு இரு பிரிவினருக்கும் ஒரே குடும்பச் சிகிச்சை, அதாவது மேலே சொன்ன மூன்றாவது வழி. ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நீண்ட தங்கலின் விலையோ பெரியது: பணம், பள்ளி, பிரிவு. அதோடு, நர்ஸ் முன்னால் சாப்பிடக் கற்ற பிள்ளை அம்மா முன்னால் சாப்பிடக் கற்றிருக்க மாட்டாள். ஆகவே மருத்துவமனை என்பது இதயத்தை ஆபத்திலிருந்து மீட்கும் இடம், நோயை முடித்து அனுப்பும் இடம் அல்ல. குழந்தைகள் பிரிவில் சில நாட்கள் முதல் இரண்டு, மூன்று வாரங்கள் என்ற அளவில் திட்டமிடுவது பொருத்தம்.

மனநல வார்டிலேயே சேர்க்க நேர்ந்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு சிறார்களுக்கென்று சில பாதுகாப்புகளை வைத்திருக்கிறது. பெரியவர்களிடமிருந்து தனியாக வைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் துணையோ சிகிச்சைக் காலம் முழுவதும் உடன் தங்க வேண்டும். "பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள்" என்ற அச்சத்தால் தயங்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. உடல் நோய்க்கு நிகராக மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இனி இரண்டாவது வழி. ஆலோசகர் பிள்ளையோடு தனியே பேசுகிறார். உணவியல் நிபுணர் அட்டவணை எழுதிக் கொடுக்கிறார். சாப்பிடுவது பிள்ளையின் கையில். இதன் பலவீனம் ஆலோசகரின் திறமையைப் பொறுத்ததல்ல, பட்டினியின் தன்மையைப் பொறுத்தது. 1944, 1945-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களைக் கொண்டு நடத்திய சோதனை இதைக் காட்டியது. உடல்நலமும் மனநலமும் தேர்ந்த அந்த ஆண்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்து, எடையில் கால் பங்கை இழந்தார்கள். அப்போது அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டில் இருந்ததைப் பிசைந்து நேரம் கடத்தினார்கள், சிடுசிடுத்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், இரவும் பகலும் உணவையே நினைத்தார்கள். நம் மாதிரி மாணவியிடம் பார்த்தவையேதான் இவை. அதாவது நோயின் அறிகுறி என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி பட்டினியின் விளைவு. உணவு திரும்பாமல் அது பேச்சால் கரையாது. மெலிந்த நிலையில் இருக்கும் பிள்ளையிடம் "நீயே முடிவெடுத்துச் சாப்பிடு" என்பது, அந்த முடிவை எடுக்க வேண்டிய மூளையே பட்டினியில் இருக்கும்போது வைக்கும் கோரிக்கை.

மூன்றாவது வழி இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவாகி, பிறகு அமெரிக்காவில் கையேடாகத் தொகுக்கப்பட்ட குடும்பம் சார்ந்த சிகிச்சை அது. ஜெரால்ட் ரஸ்ஸலும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், 19 வயதுக்குள் நோய் தொடங்கி மூன்றாண்டுக்கு மேல் போகாதவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சை நன்றாகப் பயன்பட்டது. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 121 பதின்ம வயதினர் இரண்டில் ஒரு சிகிச்சையைப் பெற்றார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் முழுமையாக மீண்டவர்கள் குடும்பச் சிகிச்சையில் ஏறக்குறையப் பாதிப் பேர். தனிநபர் சிகிச்சையில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. பாதிப் பேர் என்பது எல்லோரும் அல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கையிலிருக்கும் வழிகளில் சான்று வலுவாக இருப்பது இதற்குத்தான்.

இது எப்படி நடக்கிறது என்பதை வீட்டுக்குள் வைத்துப் பார்க்கலாம். மாணவி மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டாள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று முறை சிற்றுண்டி. என்ன, எவ்வளவு என்பதை முடிவு செய்வதும் தட்டில் போடுவதும் பெற்றோர். அடுப்படியில் அவள் நிற்பதில்லை. காலையில் நெய் விட்ட இட்லி தட்டில் இருக்கிறது. "நெய் போட்டா நான் சாப்பிட மாட்டேன்" என்கிறாள். அப்பா, "இது கஷ்டம்னு எனக்குத் தெரியும்மா. ஆனா இதுதான் இப்போ உனக்கு மருந்து" என்கிறார். அவள் அழுகிறாள், தட்டைத் தள்ளுகிறாள். பெற்றோர் திட்டுவதில்லை, எத்தனை இட்லி என்று பேரம் பேசுவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. எழுந்து போய்விடுவதும் இல்லை. அதே வாக்கியத்தை அதே குரலில் மறுபடி சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் யாராவது உடன் இருந்து பேச்சிலோ விளையாட்டிலோ அவள் மனத்தைத் திருப்புகிறார்கள். பள்ளி தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு அம்மாவோ அப்பாவோ அங்கே போகிறார், அல்லது ஓர் ஆசிரியை உடன் உட்காருகிறார். தம்பியின் வேலை கண்காணிப்பதல்ல. அக்காவோடு கேரம் ஆடுவது.

வாரம் ஒருமுறை மருத்துவக் குழு எடை பார்த்து, அந்த வாரம் எந்த வேளையில் என்ன நடந்தது என்று குடும்பத்தோடு பேசும். எடை சீராக ஏறி, சண்டை தணிந்த பின் சாப்பாட்டுப் பொறுப்பு படிப்படியாக அவளிடம் திரும்புகிறது: முதலில் மாலைச் சிற்றுண்டி, பிறகு பள்ளிச் சாப்பாடு. கடைசிக் கட்டத்தில்தான் படிப்பு, தோழமை, உடல் பற்றிய அவளுடைய எண்ணங்கள் ஆகியவை பேசப்படும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். ஆலோசகரின் தனி உரையாடல் பயன் தருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஆகவே இரண்டாவது வழியை ஒதுக்கச் சொல்லவில்லை. அதன் இடம் முதலில் அல்ல என்கிறேன்.

நம் வீடுகளில் இந்த முறை சறுக்கும் இடங்களும் தெரிந்தவையே. அம்மா தட்டில் போடுகிறார். பாட்டி "அழுற பிள்ளைய ஏன் வதைக்கிற, பாலாவது குடிக்கட்டும்" என்று எடுத்துவிடுகிறார். அப்பா வெளிநாட்டிலிருந்து போனில் "ரெண்டு அடி போட்டா சாப்பிடுவா" என்கிறார். இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் நோய்க்குப் போதிய இடம் கிடைத்துவிடும். பாட்டியும் அப்பாவும் உட்பட வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் முதல் சந்திப்பிலேயே, நேரிலோ காணொளியிலோ, கலந்துகொள்வது அதனால்தான் அவசியம். வீட்டில் கடுமையான குற்றச்சாட்டும் வசையும் வழக்கமாக இருந்தால், பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே சந்திப்பது மேல் என்று லண்டன் ஆய்வுகள் காட்டின. பிள்ளை சிகிச்சைக்கு வரவே மறுத்தாலும் வழி இருக்கிறது: மெல்போர்னில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், சிகிச்சையாளர் பெற்றோரை மட்டும் சந்தித்த முறை, சிகிச்சை முடிவில் முழுக் குடும்பத்தையும் சந்தித்த முறையைவிட நல்ல பலனையே காட்டியது. அடியும் வன்முறையும் இருக்கும் வீட்டில், அல்லது பொறுப்பேற்க ஒரு பெரியவரும் இல்லாத வீட்டில், இந்த வழியைத் தொடங்கக் கூடாது; அங்கே நீண்ட மருத்துவமனைத் தங்கலோ பகல்நேரச் சிகிச்சையோதான் சரி.

குடும்பச் சிகிச்சையில் முறையான பயிற்சி பெற்றவர்கள் நம்மூரில் குறைவு என்பது உண்மையான தடை. பெங்களூரு நிம்ஹான்ஸின் குழந்தைகள் மற்றும் பதின்ம வயதினர் மனநலப் பிரிவு, வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மையங்களில் மதிப்பீடும் திட்டமும் பெற்று, வாராந்திர எடையையும் நாடியையும் உள்ளூர்க் குழந்தை மருத்துவரிடம் பார்த்துக்கொண்டு, சந்திப்புகளைக் காணொளியில் தொடர முடியுமா என்று கேட்கலாம். யாரை அணுகுவது என்றே தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண்ணான 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உள்ளூர் ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் போதும்: ஒவ்வொரு வாரமும் எடையும் நாடியும் யார் பார்ப்பார்கள்? சாப்பாட்டுக்கு இப்போது பொறுப்பு யார்? "அதெல்லாம் மனம் சரியானால் தானாகச் சரியாகும்" என்ற பதில் வந்தால் வேறு ஒருவரைத் தேடுவது நல்லது.

எடுத்த முடிவு சரியா என்று தெரிந்துகொள்ள ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுச் சிகிச்சையின் முதல் நான்கு, ஐந்து வாரங்களில் ஏறத்தாழ இரண்டு கிலோ கூடியிருந்தால் பலன் நன்றாக இருக்கும் என்பதற்கு அது நம்பகமான முன்னறிகுறி. கூடவில்லையென்றால் அதே முறையில் இன்னும் மூன்று மாதம் இழுக்காமல், சந்திப்புகளை அதிகமாக்குவது, பகல்நேரச் சிகிச்சை, மீண்டும் மருத்துவமனை ஆகியவற்றைக் குழுவோடு அப்போதே பேச வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தண்ணீரும் இறங்காத நாள், உணவைக் கூட்டிய முதல் நாட்களில் கால் வீக்கமோ குழப்பமான பேச்சோ, தற்கொலைப் பேச்சு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கிருக்கும் பணி மருத்துவருக்கு இந்த நோய் பழக்கமில்லாமல் இருக்கலாம். எத்தனை மாதத்தில் எவ்வளவு எடை போனது, கடைசியாக எடுத்த நாடி, பாஸ்பேட், இ.சி.ஜி. ஆகியவற்றையும், குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் தருவதும் பாஸ்பேட் பார்ப்பதும் தேவை என்பதையும், சிகிச்சை தரும் மருத்துவர் கையெழுத்தோடு ஒரே தாளில் எழுதி வாங்கி வைத்திருந்து அவரிடம் கொடுக்க வேண்டும்.